சாவியைக் கொடுக்கும் முன்: பங்கு மக்களுக்கு ஒரு விடைபெறு காணொளி உரை

(ஞாயிறு திருப்பலியின் அறிவிப்புகளுக்குப் பின் ஆலயத் திரையில் காட்டுவதற்கு. வீட்டைவிட்டு வர முடியாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அன்றே கைப்பேசியில் அனுப்ப வேண்டும். பேசுபவர்: ஓய்வு பெறும் பங்குத்தந்தை. நீளம்: ஏறக்குறைய 10 நிமிடம். பின்னணி இசை வேண்டாம் என்று ஃபாதர் சொல்லிவிட்டார்.)

[காட்சி 1: பங்கு அலுவலகம். ஃபாதர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார். கேமரா அசையாமல் நேராக அவரைப் பார்க்கிறது.]

எல்லோருக்கும் வணக்கம். உட்காருங்கள். மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடைசி வரிசையில் யார் யார் நிற்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நேரில் நின்று பேசாமல் எதற்கு வீடியோ என்று கேட்பீர்கள். கோயிலுக்கு வர முடியாமல் படுத்திருப்பவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும், அது ஒன்று. நேரில் பேசினால் பாதியில் குரல் கம்மிவிடும், உடனே பாடகர் குழு எதையாவது பாட ஆரம்பித்துவிடும், சொல்ல வந்தது நின்றுபோகும். அது இன்னொன்று.

முதலில் தகவலைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 75 வயது நிறைந்துவிட்டது. இந்த வயதில் பங்குத்தந்தை தன் பணிவிலகல் கடிதத்தை ஆயரிடம் கொடுக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 538-ஆம் எண்ணில் கேட்டுக்கொள்கிறது. அதை உடனே ஏற்பதா, தள்ளிவைப்பதா என்பது ஆயர் கையில். நான் எழுதிக் கொடுத்தேன், அவர் ஏற்றுக்கொண்டார். அவ்வளவுதான். யாரும் என்மேல் புகார் எழுதவில்லை, எனக்குச் சொல்ல முடியாத நோய் எதுவும் இல்லை. முழங்கால் மட்டும் பீடத்துப் படிகளோடு அடிக்கடி சண்டை போடுகிறது.

ஓய்வு என்பது பங்குப் பொறுப்பிலிருந்துதான். குருத்துவத்துக்கு ஓய்வு கிடையாது. மறைமாவட்டத்தின் ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்தில் எனக்கு ஓர் அறை தந்திருக்கிறார்கள். அங்கே தினமும் திருப்பலி வைப்பேன், செபிப்பேன், படிக்காமல் வைத்திருக்கும் புத்தகங்களைப் படிப்பேன்.

[காட்சி 2: வெறும் ஆலயம், பீடத்திலிருந்து இருக்கைகளை நோக்கி. ஃபாதரின் குரல் மட்டும்.]

இத்தனை ஆண்டுகளில் உங்களிடம் ஒரு விஷயத்தை நான் பெரிதாகச் சொன்னதில்லை. திருப்பலிக் கருத்து கொடுக்க அலுவலகத்துக்கு வருவீர்கள். இறந்தவர்களுக்காக, தேர்வு எழுதும் பிள்ளைக்காக, வேலை கிடைத்ததற்கு நன்றியாக. அதற்கெல்லாம் ஒரு நோட்டு உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் கடன் திருநாளும் வந்தால் ஒரு திருப்பலியை யாருடைய கருத்துக்கும் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அது பங்கு மக்களுக்கான திருப்பலி. தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட மக்களுக்காக அதை ஒப்புக்கொடுப்பது பங்குத்தந்தையின் கடமை.

அதனால் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு திருப்பலி உங்களுடையதாக இருந்தது. நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், காணிக்கை கொடுத்திருக்க மாட்டீர்கள். கோயில் பக்கமே வராமல் இருந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. என்னோடு பேச்சு வார்த்தை இல்லாமல் சில வருடம் இருந்த ஒன்றிரண்டு பேர் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் ஒப்புக்கொடுத்தேன், கொஞ்சம் அழுத்தியே ஒப்புக்கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு அந்தத் திருப்பலி நிற்காது. புதிய ஃபாதர் ஒப்புக்கொடுப்பார். உங்கள் பெயரெல்லாம் அவருக்குத் தெரிய ஆறு மாதமாவது ஆகும். ஆனால் அவர் பொறுப்பேற்ற நாளிலிருந்தே அந்தத் திருப்பலி உங்களுக்காகத்தான்.

[காட்சி 3: மீண்டும் அலுவலகம். மேசையில் பெரிய பதிவேடுகள். மூடியபடியே காட்ட வேண்டும், பக்கங்களில் உள்ள பெயர்கள் திரையில் தெரியக்கூடாது.]

போன வாரம் முழுக்க இந்தப் பதிவேடுகளோடு உட்கார்ந்திருந்தேன். ஒப்படைப்பதற்கு முன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருமுழுக்கு, திருமணம், இறப்பு. ஒரு பங்கில் கட்டாயம் இருக்க வேண்டியவை இவை மூன்றும்.

திருமுழுக்குப் பதிவேட்டில் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கும். அந்தப் பிள்ளை உறுதிபூசுதல் பெற்றால் அந்த ஓரத்தில் குறிக்க வேண்டும். திருமணம் நடந்தால் அதையும் குறிக்க வேண்டும். எங்கேயோ தூரத்து ஊரில் கல்யாணம் நடந்தாலும் அந்தப் பங்கிலிருந்து இங்கே தகவல் வரும், அதே பெயருக்குப் பக்கத்தில் எழுதி வைப்போம். யாராவது குருவானாலும், துறவற சபையில் நிரந்தர வார்த்தைப்பாடு கொடுத்தாலும் அங்கேதான். ஆக, நீங்கள் எவ்வளவு தூரம் போனாலும் உங்கள் தகவல் இந்த மேசைக்குத் திரும்பி வருகிறது.

என் கையெழுத்தில் பெயர் எழுதிய குழந்தைகள் பலருக்கு, அதே ஓரத்தில் திருமணக் குறிப்பையும் நானே எழுதியிருக்கிறேன். அப்புறம் சில பக்கம் தள்ளி அவர்களின் பிள்ளைகள். ஆரம்பத்தில் எழுத்து நிமிர்ந்து நிற்கிறது, இப்போது சாய்ந்து கிடக்கிறது. கணினியிலும் ஏற்றிவிட்டோம், இளைஞர் இயக்கத்துப் பிள்ளைகள் விடுமுறையில் உட்கார்ந்து செய்த வேலை அது. இருந்தாலும் தாள் பதிவேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஒன்று மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நீங்கள் சொன்னது. அதை நான் யாருக்கும் ஒப்படைக்கப் போவதில்லை. புதிய ஃபாதருக்கும் தெரியாது, ஆயருக்கும் தெரியாது. ஓய்வு பெற்றாலும், வயதாகி மனம் தடுமாறினாலும் என்ன ஆகும் என்று ஒரு பாட்டி கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் இருக்கும் பதில், நான் இப்போதே பாதியை மறந்துவிட்டேன் என்பதுதான். மீதிப் பாதி என்னோடு கல்லறைக்கு வரும்.

[காட்சி 4: ஃபாதர் முதல் வரிசை இருக்கையில் அமர்ந்து பேசுகிறார்.]

2020-ஐப் பற்றி இரண்டு வார்த்தை. அந்த ஆண்டு மார்ச் 27 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மழையில் நனைந்த வெற்றுச் சதுக்கத்தில் நின்று உலகத்துக்கு ஆசி கொடுத்ததைத் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்த்தோம். இங்கேயும் அப்படித்தான். பூட்டிய கோயிலில் ஒரு கைப்பேசியை நிற்க வைத்துவிட்டு அதைப் பார்த்துப் பிரசங்கம் வைத்தேன். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சொன்னால் பதில் வராது. அடக்கத் திருப்பலியில் விரல் விட்டு எண்ணக்கூடிய பேர். ஒரு மகள் வெளிநாட்டிலிருந்து வர முடியாமல், நான் ஜெபம் சொல்லும்போது குழியருகே பிடித்த கைப்பேசியில் அழுதுகொண்டே பதில் சொன்னார்.

அப்போது இந்தப் பங்கு என்ன செய்தது என்பதை நான் எங்கே போனாலும் சொல்வேன். அன்பியப் பொறுப்பாளர்கள் தனியாக இருந்த முதியோர் பட்டியலை எழுதி, ஆளுக்கு ஐந்து பேர் என்று பிரித்துக்கொண்டு தினமும் போன் போட்டார்கள். நான் சொல்லிச் செய்ததல்ல. எனக்கே இரண்டாவது வாரம்தான் தெரியும், அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது என்று.

[சிரிக்கிறார். வெட்ட வேண்டாம், அப்படியே விடவும்.]

இனி ஒரு வேண்டுகோள். நோயில்பூசுதலுக்கு ஃபாதரைக் கூப்பிட்டால் கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்று நோயாளி பயந்துவிடுவார் என நினைத்துத் தள்ளிப்போடுகிறீர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே சொல்லிவிட்டது, அது சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதல்ல என்று. ஆனால் எங்களைக் கூப்பிடுவது பெரும்பாலும் நினைவு தப்பிய பிறகுதான். பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் கூப்பிடுங்கள். முதுமையில் உடல் தளரும்போது கூப்பிடுங்கள். அவர் தானே "ஆமென்" சொல்லட்டும். புதிய ஃபாதர் நடுராத்திரி என்றாலும் வருவார், அவரிடம் கேட்டுவிட்டேன்.

[காட்சி 5: அலுவலகம். மேசையில் சாவிக் கொத்து.]

இப்போது சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. இந்த வீடியோவை எடுத்ததே இதற்காகத்தான்.

புனித அகுஸ்தினார் ஹிப்போ நகரத்து ஆயர். முதுமையில், 426-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், கோயிலில் மக்களைக் கூட்டி, எராக்லியு என்ற குருவைத் தனக்குப் பின் வரப்போகிறவர் என்று அறிவித்தார். மக்கள் ஆரவாரம் செய்தார்கள். எந்த வாழ்த்தை எத்தனை முறை சொன்னார்கள் என்றுகூட அங்கே இருந்த எழுத்தர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கடுத்த பகுதி. வேதநூலைப் படிக்க வாரத்தில் ஐந்து நாள் என்னைத் தொந்தரவு செய்ய மாட்டோம் என்று ஒப்புக்கொண்டீர்களே, கொஞ்ச காலம்தானே கடைப்பிடித்தீர்கள் என்று அங்கேயே கேட்கிறார். இனி உங்கள் காரியங்களை எராக்லியுவிடம் கொண்டு போங்கள் என்கிறார். 1600 ஆண்டுகள் ஆகின்றன. மக்கள் மாறவில்லை, ஃபாதர்களும் மாறவில்லை.

அதனால் நானும் கேட்கிறேன். திருமுழுக்கு என்றால் புதிய ஃபாதர். கல்யாணம் என்றால் புதிய ஃபாதர். "எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது நீங்கள், என் பிள்ளைக்கும் நீங்கள்தான்" என்று வராதீர்கள். வந்தால் மறுக்க வேண்டியிருக்கும், மறுப்பது எனக்கு உங்களைவிடக் கஷ்டம். துக்க வீட்டுக்கு மட்டும், அவர் அழைத்தால், அவர் பின்னால் நின்று ஜெபிக்க வருவேன். ஓர் ஆண்டு வரை இந்தக் கோயிலுக்கு வரப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஆலயத் திருவிழாவுக்கும் சேர்த்துத்தான். பேரவைச் செயலர் இதை ஏற்றுக்கொள்ளவில்லை, அவர் வருத்தம் அவரோடு.

அவர் திருப்பலி நேரத்தை மாற்றலாம். பாடல்களை மாற்றலாம். மைக்கை மாற்றினால் நானே நன்றிக் கடிதம் எழுதுவேன். பிரசங்கத்தைச் சுருக்கினால் உங்களுக்குக் கொண்டாட்டம். எதுவானாலும் எனக்குப் போன் போட்டு, "ஃபாதர், உங்கள் காலத்தில் இப்படியா இருந்தது?" என்று ஆரம்பிக்காதீர்கள். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், உங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கள், எவ்வளவு நேரமானாலும் பேசுவேன். பங்கு விஷயம் வந்தால் போனை வைத்துவிடுவேன். முதல் தடவை வைக்கும்போது கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் வந்தபோது உங்கள் அப்பா, அம்மாவும் இப்படித்தான் முந்தைய ஃபாதரை நினைத்து முகம் வாடி நின்றார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். அதனால்தான் நான் உங்களுக்கு ஃபாதராக முடிந்தது.

நன்றி சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன். காலையில் எனக்கு முன்பே வந்து கதவு திறந்த கோயில்பிள்ளைக்கும், தூக்கக் கலக்கத்தோடு மணியடித்த பீடச் சிறுவர்களுக்கும் மட்டும் சொல்கிறேன். மற்றவர்களிடம் வாசலில் கை கொடுத்துச் சொல்கிறேன்.

[காட்சி 6: ஃபாதர் எழுந்து நிற்கிறார்.]

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

போய் வருகிறேன். எழுந்து போகலாம், பின்வரிசையும் போகலாம்.

[திரையில் எழுத்து: புதிய பங்குத்தந்தையின் பணியேற்புத் திருப்பலி வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு. ஆயர் தலைமை தாங்குவார். அனைவரும் வருக.]