இன்ஹேலர் உறிஞ்சும் முறை: பயிற்சிக்கு முன்னும் நான்கு வாரம் கழித்தும் – பகுப்பாய்வு அறிக்கை

கேள்வி

அழுத்தி உறிஞ்சும் இன்ஹேலரைப் பயன்படுத்தும் ஆஸ்துமா நோயாளிகளுக்கு 15 நிமிட நேரடிப் பயிற்சி கொடுத்தால், நான்கு வாரம் கழித்தும் அவர்கள் அதைச் சரியாக உறிஞ்சுகிறார்களா? பயிற்சியில் செவிலியர் முதலில் செய்து காட்டினார். பிறகு நோயாளி செய்து காட்டினார். தவறு இருந்தால் திருத்தி, சரியாக வரும்வரை திரும்பச் செய்ய வைத்தோம்.

விளைவு இரண்டே நிலை: சரி, தவறு. மூடியைக் கழற்றுதல், குலுக்குதல், முதலில் மூச்சை முழுதாக வெளிவிடுதல், உதடுகளை இறுக்கிப் பொருத்துதல், மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்துதல், குறைந்தது 5 விநாடி மூச்சைப் பிடித்து வைத்தல் என்ற ஆறு படிகளும் சரியாக இருந்தால் மட்டுமே ‘சரி’. ஒன்று பிசகினாலும் ‘தவறு’. கடுமையான வரையறைதான். ஆனால் ஐந்து படியைச் சரியாகச் செய்து, அழுத்தும் நேரத்தைக் கோட்டை விட்டவரின் தொண்டையிலேயே மருந்தில் பெரும்பகுதி தங்கிவிடும். அவருக்கு ஆறில் ஐந்து மதிப்பெண் கொடுப்பதில் பொருளில்லை.

இரண்டு சந்திப்புகளையும் காணொளியாகப் பதிவு செய்தோம். மதிப்பிட்ட இருவருக்கும் எந்தக் காணொளி முந்தியது, எது பிந்தியது என்று தெரியாது. அவர்கள் கருத்து வேறுபட்ட இடங்களில் மூன்றாமவர் முடிவு சொன்னார்.

ஏன் இந்தச் சோதனை

96 பேர் சேர்ந்தார்கள். 88 பேர் இரண்டு சந்திப்புக்கும் வந்தார்கள். ஆக நம்மிடம் இருப்பது 88 இணைகள். ஒவ்வோர் இணையிலும் இருப்பது ஒரே ஆள். 176 தனித்தனி ஆட்கள் அல்ல. வழக்கமான கை-வர்க்கச் சோதனை ‘முன்’ என்ற குழுவையும் ‘பின்’ என்ற குழுவையும் தொடர்பில்லாத இரு கூட்டமாக எடுத்துக்கொள்ளும். அந்த அனுமானம் இங்கே நிற்காது. எனவே 1947-இல் குவின் மெக்னிமர் முன்வைத்த, இணைத் தரவுக்கான சோதனையைப் பயன்படுத்தினோம். சோதனையை முன்கூட்டியே தேர்ந்தெடுத்தோம். இருபக்க p மதிப்பு, 0.05 எல்லை.

முதன்மை முடிவு

| | பின்: சரி | பின்: தவறு | மொத்தம் |
|---|---|---|---|
| முன்: சரி | 22 | 5 | 27 |
| முன்: தவறு | 34 | 27 | 61 |
| மொத்தம் | 56 | 32 | 88 |

பயிற்சிக்கு முன் 27 பேர் (30.7%) சரியாக உறிஞ்சினார்கள்; நான்கு வாரம் கழித்து 56 பேர் (63.6%). உயர்வு 33.0 சதவீதப் புள்ளி (95% நம்பக இடைவெளி 20.9 முதல் 45.0 வரை).

சோதனை பார்ப்பது ஓரத்து மொத்தங்களை அல்ல, நிலை மாறிய 39 பேரை மட்டும். முன்னும் பின்னும் சரியாகச் செய்த 22 பேரும், இரண்டு முறையும் தவறிய 27 பேரும் மாற்றத்தின் திசையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பயிற்சியால் எந்த மாற்றமும் இல்லை என்றால், மாறிய 39 பேரில் ஏறத்தாழ பாதிப்பேர் மேலேயும் பாதிப்பேர் கீழேயும் போயிருக்க வேண்டும். போனது 34-ம் 5-ம்.

χ² = (34 − 5)² / (34 + 5) = 21.56, சுதந்திரப் பாகை 1, p < 0.001. ஈருறுப்புப் பரவலிலிருந்து கணக்கிட்ட துல்லியச் சோதனையிலும் p < 0.001. இணை வாய்ப்பு விகிதம் 34/5 = 6.8 (95% துல்லிய நம்பக இடைவெளி 2.6 முதல் 22.3 வரை). இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் அந்த 5 என்ற சிறிய எண். ஆகவே ‘ஏறத்தாழ ஏழு மடங்கு’ என்பதைத் தலைப்பாக்க வேண்டாம். 33 புள்ளி உயர்வு என்பதே மருத்துவமனைக்குப் பயன்படும் எண்.

கணக்கைச் சரிபார்க்க விரும்புவோருக்கு R கட்டளைகள்:

```r
tab <- matrix(c(22, 34, 5, 27), nrow = 2)
mcnemar.test(tab, correct = FALSE)
binom.test(34, 39)
```

தொடர்ச்சித் திருத்தத்தோடு கணக்கிட்டால் χ² 20.10 ஆகக் குறையும், முடிவு மாறாது.

பின்வாங்கிய ஐவர்

இந்த ஐந்து காணொளிகளையும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். நான்கு பேர் தவறியது கடைசிப் படியில். ஒருவர் முதல் காணொளியில் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மூச்சைப் பிடித்து வைக்கிறார். இரண்டாவதில் வாயிலிருந்து இன்ஹேலரை எடுத்ததுமே “இப்போ பரவாயில்லை” என்று செவிலியரிடம் பேசத் தொடங்கிவிடுகிறார். மூச்சு அங்கேயே வெளியேறிவிடுகிறது. அறிகுறி குறைந்ததும் அக்கறையும் தளர்கிறதோ என்ற கேள்வி எழுகிறது. ஐந்து பேரை வைத்து அதற்கு விடை சொல்ல முடியாது. என்றாலும் அட்டவணையின் இந்தக் கட்டத்தை மறைத்து, 30.7% → 63.6% என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

படிவாரியாக

மூடியைக் கழற்றுவதிலும் உதட்டைப் பொருத்துவதிலும் தொடக்கத்திலேயே ஏறக்குறைய எல்லாரும் சரி, சோதனை செய்யவில்லை. மற்ற நான்கில் துல்லியச் சோதனை. நான்கு ஒப்பீடு என்பதால் எல்லை 0.0125.

- மூச்சை வெளிவிடுதல்: 41 → 68 பேர், 31 பேர் திருந்தினர், 4 பேர் பின்வாங்கினர், p < 0.001.
- அழுத்தும் நேரம்: 52 → 71, திருந்தியோர் 24, பின்வாங்கியோர் 5, p < 0.001.
- மூச்சைப் பிடித்தல்: 49 → 72, 29, 6, p < 0.001.
- குலுக்குதல்: 74 → 80; 9, 3; p = 0.146.

குலுக்குதலில் பயிற்சி பயனற்றது என்று இதைப் படிக்கக் கூடாது. 74 பேர் முன்பே சரியாகச் செய்ததால் உயர இடமே குறைவு. மாறியவர்கள் 12 பேர்தான்.

வராத எண்மர்

இரண்டாம் சந்திப்புக்கு வராதவர்களில் 3 பேர் முன்பு சரியாகச் செய்தவர்கள், 5 பேர் தவறியவர்கள். எண்மரும் நான்கு வாரம் கழித்துத் தவறாகவே செய்தார்கள் என்று மோசமாகவே வைத்துக்கொண்டு 96 பேருக்கும் கணக்கிட்டோம். திருந்தியோர் 34, பின்வாங்கியோர் 8. சரியாகச் செய்தவர்கள் 30-லிருந்து (31.3%) 56 (58.3%). உயர்வு 27.1 புள்ளியாகச் சுருங்குகிறது. துல்லியச் சோதனையில் p < 0.001.

எதைச் சொல்ல முடியாது

ஒப்பீட்டுக் குழு இல்லை. முதல் சந்திப்பில் கேமரா முன் பதறியவர் இரண்டாவதில் பழகியிருக்கலாம். தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததால் வீட்டில் பயிற்சி செய்துவிட்டு வந்திருக்கலாம். இந்தச் சோதனை உறுதிப்படுத்துவது மாற்றம் ஒரு திசையில் சாய்ந்திருக்கிறது என்பதை மட்டுமே. அந்தச் சாய்வு முழுவதும் பயிற்சியால் வந்தது என்று அது சொல்வதில்லை. நான்கு வாரத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்பதற்கும் இந்தத் தரவில் விடை இல்லை.

பரிந்துரை

பயிற்சியைத் தொடரலாம். பயிற்சிக்குப் பிறகும் தவறிய 32 பேரில் 27 பேர் முதலிலும் தவறியவர்கள். இவர்களுக்கு அதே 15 நிமிடத்தை மறுபடி கொடுப்பதைவிட, இடைவெளிக் குழாய் பொருத்தியோ, வேறு வகை இன்ஹேலருக்கு மாற்றியோ பார்க்கும்படி சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்திருக்கிறோம். பின்வாங்கிய ஐவரை அடுத்த வாரமே அழைத்திருக்கிறோம்.