கிளைவாரி மாதப் போக்கும் ஆண்டு மொத்தமும்: 2024–25 நிதியாண்டு ஒரு பக்கச் சுருக்கம்

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை நடைபெறும் நம் துணிக்கடைகளின் பங்குதாரர் கூட்டத்துக்காகத் தலைமைக் கணக்குப் பிரிவு தயாரித்தது. ஏ3 தாளில் கிடைமட்டமாக, கருப்பு வெள்ளையில், ஒரே பக்கம். தொகைகள் அனைத்தும் லட்சம் ரூபாயில், ஜி.எஸ்.டி. நீங்கலாக.

| கிளை | மாதப் போக்கு (ஏப்ரல் → மார்ச்) | குறைந்த மாதம் | உச்ச மாதம் | 2024–25 மொத்தம் | 2023–24 மொத்தம் | மாற்றம் % | டிசம்பர் நீங்கலாக மாற்றம் % |
|---|---|---|---|---|---|---|---|
| விழுப்புரம் | ▄▆▆▆▆▅█▄▃▇▅▄ | டிச. 29 | அக். 118 | 659 | 641 | +2.8 | +6.8 |
| புதுச்சேரி | ▅▇▆▇▇▆█▄▅▇▆▅ | நவ. 30 | அக். 84 | 515 | 509 | +1.2 | +2.3 |
| கடலூர் | ▅▆▆▇▆▅█▄▃▇▅▅ | டிச. 19 | அக். 91 | 505 | 512 | −1.4 | +2.5 |
| திருவண்ணாமலை | ▄▆▅▆▆▅█▅▇▇▅▅ | ஏப். 30 | அக். 78 | 490 | 452 | +8.4 | +7.0 |
| திண்டிவனம் | ▄▆▇▆▆▅█▄▄▇▆▆ | டிச. 13 | அக். 41 | 258 | 214 | +20.6 | +23.1 |
| அனைத்துக் கிளைகள் | ▅▆▆▆▆▅█▄▄▇▅▅ | டிச. 139 | அக். 412 | 2,427 | 2,328 | +4.3 | +6.4 |

படிக்கும் முறை

ஒவ்வொரு குறுவரைபடத்திலும் பன்னிரண்டு கம்பங்கள் உள்ளன; இடது ஓரத்தில் இருப்பது ஏப்ரல், வலது ஓரத்தில் இருப்பது மார்ச். கம்பங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன. தீபாவளி விற்பனை மற்ற எந்த மாதத்தையும்விட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருப்பதால், அதை உண்மையான அளவில் வரைந்தால் மீதமுள்ள பதினொரு மாதங்களும் ஒரே உயரத்தில் தட்டையாகத் தெரியும். ஆகவே அக்டோபர் கம்பம் மட்டும் எட்டாவது படியில் வெட்டி நிறுத்தப்பட்டுள்ளது, அடுத்த உயர்ந்த மாதம் ஏழாவது படியாகக் கொள்ளப்பட்டு மற்றவை அதற்கேற்ப வரையப்பட்டுள்ளன. அக்டோபரின் உண்மையான தொகையை உச்ச மாதப் பத்தியில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கிளையின் கம்பத்தை இன்னொரு கிளையின் கம்பத்தோடு உயரத்தில் ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு கிளையும் தன் சொந்த அளவுகோலில் வரையப்பட்டிருக்கிறது. கிளைகளின் அளவை ஒப்பிட வலப்பக்க மொத்தங்களும், ஆண்டு நடந்த விதத்தை அறிய இடப்பக்க வரைபடங்களும் உள்ளன.

கடலூர்: மொத்தம் சொல்வதும் வரைபடம் சொல்வதும்

இந்தப் பக்கத்தில் மாற்றம் எதிர்மறையாக உள்ள ஒரே கிளை கடலூர். மார்ச் மாதக் கூட்டத்தில் இக்கிளைக்கான சரக்கு ஒதுக்கீட்டைக் குறைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. அப்போது உறுப்பினர்கள் முன் இருந்தது அதுவரையான மொத்தம் மட்டுமே. அந்த மொத்தத்தின் பக்கத்திலேயே மாதப் போக்கையும் வைத்துப் பார்த்தால் அந்த முடிவுக்கு ஆதாரம் இல்லை என்பதே கணக்குப் பிரிவின் உறுதியான கருத்து. ஆண்டு முழுவதற்குமான குறைவு 7 லட்சம். டிசம்பர் ஒரு மாதத்தில் மட்டும் ஏற்பட்ட குறைவு 19 லட்சம், அதாவது முந்தைய டிசம்பரின் 38 லட்சம் அப்படியே பாதியானது. மீதமுள்ள பதினொரு மாதங்களில் கடலூர் 474 லட்சத்திலிருந்து 486 லட்சமாக உயர்ந்திருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்து, கடலூர் மற்றும் விழுப்புரம் மாவட்டங்களின் கரையோரப் பகுதிகளை மூழ்கடித்தது. கடலூர்க் கிளை டிசம்பரில் ஒன்பது நாள்களும், விழுப்புரம் ஆறு நாள்களும், புதுச்சேரி நான்கு நாள்களும், திண்டிவனம் மூன்று நாள்களும் திறக்கப்படவில்லை. ஆயினும் கடை மூடியிருந்த நாள்களைக் கொண்டு மட்டும் இந்தச் சரிவை விளக்கிவிட முடியாது. கடலூர் திறந்திருந்த 22 நாள்களில் நாளொன்றுக்குச் சராசரி விற்பனை 86 ஆயிரம் ரூபாய். முந்தைய டிசம்பரில் அது ஒரு லட்சத்து 23 ஆயிரம். வீட்டையும் நிலத்தையும் சீர்செய்ய வேண்டியிருந்த குடும்பங்கள் துணி வாங்குவதைத் தள்ளிப்போட்டன என்றே கிளை மேலாளரும் எழுதியிருக்கிறார். தள்ளிப்போட்டவர்களில் ஒரு பகுதியினர் பொங்கலுக்குத் திரும்பி வந்ததை ஜனவரியின் 49 லட்சம் காட்டுகிறது. வந்தவர்களுக்குக் கொடுக்கக் கடையில் சரக்கு இருந்ததால்தான் அந்த விற்பனை நடந்தது. ஒதுக்கீட்டைக் குறைப்பது குறித்து முடிவெடுக்கும் முன் இதை உறுப்பினர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

விழுப்புரம்

விழுப்புரத்தின் டிசம்பர் 51 லட்சத்திலிருந்து 29 லட்சமாகக் குறைந்தது. தொகையளவில் எல்லாக் கிளைகளையும்விடப் பெரிய இழப்பு இதுவே என்றாலும், மற்ற மாதங்களின் வளர்ச்சி 6.8 விழுக்காடாக இருந்ததால் ஆண்டு மொத்தத்தில் அது மறைந்துவிட்டது. கடலூர் கவலைக்குரியதாகவும் விழுப்புரம் சீராக இருப்பதாகவும் மொத்தம் தோற்றம் அளிக்க, டிசம்பர்க் கம்பம் இரண்டிலும் ஒரே மூன்றாவது படியில் நிற்கிறது.

திருவண்ணாமலை: நாள்காட்டியைக் கழித்துப் பார்க்க வேண்டும்

டிசம்பரில் உயர்ந்த ஒரே கிளை இது. 36 லட்சம் 45 லட்சமானது. டிசம்பர் 1 அன்று நேர்ந்த மண்சரிவுக்குப் பிறகும் இந்த விற்பனை நடந்தது என்பதால் கிளை ஊழியர்களின் உழைப்பைப் பதிவு செய்வது நம் கடமை. ஆனால் இந்த 25 விழுக்காடு உயர்வு முழுவதையும் வளர்ச்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கார்த்திகை தீபம் 2023-இல் நவம்பர் 26 அன்றும், 2024-இல் டிசம்பர் 13 அன்றும் வந்தது. நவம்பரில் விற்க வேண்டிய வேட்டியும் சேலையும் டிசம்பரில் விற்றன. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றையும் சேர்த்தால் 143 லட்சம் 154 லட்சமாகியுள்ளது, வளர்ச்சி 7.7 விழுக்காடு. ஆண்டு முழுவதற்குமான 8.4 விழுக்காட்டுக்கு இது மிக அருகில் இருப்பதால், இக்கிளை ஏதோ ஒரு மாதத்தின் தயவில் வளரவில்லை, ஆண்டு முழுவதும் ஒரே சீராக வளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இதே எச்சரிக்கை தீபாவளிக்கும் பொருந்தும். 2023-இல் தீபாவளி நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. அதனால் அக்டோபரை முந்தைய அக்டோபரோடு ஒப்பிட்டால் 171 லட்சம் 412 லட்சமானதாகவும், நவம்பரை ஒப்பிட்டால் 369 லட்சம் 143 லட்சமாகச் சரிந்ததாகவும் தோன்றும். இரண்டுமே பொருளற்ற ஒப்பீடுகள். இரு மாதங்களையும் சேர்த்த தொகை 540-இலிருந்து 555 லட்சமாகியுள்ளது. தீபாவளிப் பருவத்தின் உண்மையான வளர்ச்சி 2.8 விழுக்காடு மட்டுமே. ஆண்டின் 4.3 விழுக்காட்டைவிட இது குறைவாக இருப்பதைக் கூட்டம் விவாதிக்க வேண்டும்.

புதுச்சேரி

ஏப்ரல் 40 லட்சத்திலிருந்து 36 ஆகக் குறைந்து, மே 42-இலிருந்து 47 ஆக உயர்ந்தது. மக்களவைத் தேர்தலுக்கான வாக்குப்பதிவு 2024 ஏப்ரல் 19 அன்று நடந்தது. ஆவணமின்றி ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துச் செல்வோர் சோதனையில் மாட்டிக்கொள்ளும் நிலை இருந்ததால், முகூர்த்தப் பட்டு எடுக்க எல்லை தாண்டி வரும் குடும்பங்கள் தயங்கின. இரு மாதங்களையும் சேர்த்தால் 82 லட்சம் 83 லட்சமாகியுள்ளது. இக்கிளையில் தனித்துக் கவனிக்க வேறு எதுவும் இல்லை.

திண்டிவனம்

மொத்தத்தில் மிகச் சிறிய கிளை, வடிவத்தில் மிக நல்ல கிளை. பொங்கலுக்குப் பிறகு மற்ற நான்கு கிளைகளின் கம்பங்களும் ஐந்தாவது அல்லது நான்காவது படிக்கு இறங்கி ஆண்டை முடிக்கின்றன. திண்டிவனம் பிப்ரவரியில் 22, மார்ச்சில் 23 லட்சம் என ஆறாவது படியிலேயே நிற்கிறது. முந்தைய ஆண்டில் இதே மாதங்களின் விற்பனை 16, 15 லட்சம். ஜூனில் காணப்படும் உயர்வுக்குக் காரணம் 2024 மே மாதம் தொடங்கிய பள்ளிச் சீருடைப் பிரிவு; பள்ளிகள் ஜூன் 10 அன்று திறந்ததால் அம்மாத விற்பனை 15-இலிருந்து 24 லட்சமானது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குச் சீருடை விலையின்றி வழங்கப்படுவதால் இந்தப் பிரிவின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தனியார் பள்ளிப் பெற்றோர்களே. சீருடை எடுக்க ஜூனில் வந்த குடும்பங்கள் பிற துணிகளுக்கும் இங்கேயே திரும்பியிருக்கலாம் என்பது கணக்குப் பிரிவின் ஊகம். தொலைபேசி எண் பதிவான பில்களைக் கொண்டு இதைச் சரிபார்க்கும் பணி மே மாதத்துக்குள் முடியும்.

கணக்கிட்ட முறை

பில் போட்ட விற்பனையிலிருந்து திரும்பி வந்த சரக்கின் மதிப்பு கழிக்கப்பட்டுள்ளது. புதுச்சேரிக்குத் தனி ஜி.எஸ்.டி. பதிவு இருப்பதால் விழுப்புரம் கிடங்கிலிருந்து அங்கே அனுப்பப்படும் சரக்குக்கும் வரிப் பட்டியல் போடப்படுகிறது. அது கிளைகளுக்கு இடையிலான மாற்றமே ஆகையால் எந்தக் கிளையின் விற்பனையிலும் சேர்க்கப்படவில்லை. தொகைகள் முழு லட்சமாக்கப்பட்டுள்ளன. விழுக்காடுகள் அந்த முழு லட்சங்களிலிருந்தே கணக்கிடப்பட்டன. கிளை மேலாளர்கள் தங்கள் கூகுள் ஷீட்ஸ் கோப்பில் இதே அளவுகோலில் வரைந்து பார்க்க, மாதத் தொகைகள் B5 முதல் M5 வரை இருந்தால் இந்தச் சூத்திரம் போதும்:

```
=SPARKLINE(B5:M5,{"charttype","column";"ymin",0;"ymax",LARGE(B5:M5,2)*8/7})
```

கூட்டத்தின் முடிவுக்கு வைக்கப்படுபவை

கடலூரின் ஆடி மற்றும் தீபாவளிச் சரக்கு ஒதுக்கீடு சென்ற ஆண்டின் அளவிலேயே தொடர வேண்டும். திண்டிவனத்துக்குச் சீருடைத் துணியின் முதல் கொள்முதல் ஏப்ரல் இறுதிக்குள் வந்து சேர வேண்டும். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20 அன்று வருவதால், பதினொரு நாள் முன்கூட்டியே பருவம் தொடங்கும். செப்டம்பர் விற்பனை 2024 செப்டம்பரில் எல்லாக் கிளைகளிலும் சேர்த்து நடந்த 170 லட்சத்தைவிட உயர்ந்தே இருக்கும் என்று கொண்டு, நெசவாளர்களிடமும் மொத்த வியாபாரிகளிடமும் ஆர்டரை ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும். கார்த்திகை தீபம் டிசம்பர் 3 அன்று வருவதால் திருவண்ணாமலையின் தீபச் சரக்கு நவம்பர் 10-க்குள் கிளையில் இருக்க வேண்டும். டிசம்பரில் அக்கிளையின் கம்பம் இறங்குவது அப்போது எதிர்பார்க்கத்தக்கதே.