ஆறாவது சிஸ்டம்

"ஏ மாரி, எல்லாம் படுத்துக் கெடக்குடே. காலைல கூட்டம் வந்துரும்."

பால்ராஜ் அண்ணாச்சி போன் பண்ணினபோது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. குரூப் 4 அறிவிப்பு வந்து மூணு நாள் ஆகியிருந்தது. சங்கரன்கோவிலில் ஆடித் தபசுக்கு அடுத்தபடி நான் கூட்டம் பார்த்தது அண்ணாச்சியின் நெட் சென்டரில்தான். பத்தாவது பாஸ் பண்ணியிருந்தால் போதும் என்பதால் தறிக்குப் போகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள் என்று எல்லாரும் வருவார்கள்.

ரத வீதியிலிருந்து உள்ளே போகிற சந்தில் கடை. ஆறு சிஸ்டம். யாரோ கொண்டு வந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தது. ஒன்றைத் திறந்தால் நாலு விண்டோ விரிந்தது.

பையைக் கீழே வைத்ததும் முதலில் கேட்டேன்: "இதுல யாரோடது என்னென்ன இருக்கு அண்ணாச்சி?"

"என்னத்த இருக்கு? எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போடுடே."

எங்கே போனாலும் இதைக் கேட்காமல் நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதில்லை. பத்தொன்பது வயதில் வேறொரு ஊரில் ஒரு சென்டருக்கு ஃபார்மேட் பண்ணப் போனேன். முதலாளி "எல்லாத்தையும் அழி" என்றார். நானும் அடித்தேன்.

```
select disk 0
clean
```

மறுநாள் ஒரு அக்கா வந்தார். அவருடைய பதிவு எண், பாஸ்வேர்ட், மெயில் எல்லாம் அந்த சிஸ்டத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறது. மெயிலே அந்தக் கடைக்காரர் உண்டாக்கிக் கொடுத்ததுதான். போன் நம்பரும் மாறிவிட்டது. கடைசித் தேதிக்குள் அவரால் உள்ளே போகவே முடியவில்லை. அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. "சரி தம்பி, அடுத்த தடவ பாத்துக்கிடுதேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு போனார். அந்தக் குடை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

ஐந்து சிஸ்டத்தில் ஒன்றும் இல்லை. அவை ஒரே மாதிரி அசெம்பிள் பண்ணினவை, எச்61 போர்டு, 4 ஜிபி ராம். போன வருஷம் வற்புறுத்தி எஸ்எஸ்டி போட வைத்திருந்தேன். ஒன்றில் மட்டும் விண்டோஸைச் சுத்தமாக ஏற்றி, பிரிண்டர், ஸ்கேனர் டிரைவர், தமிழ் கீபோர்டு, போட்டோவை 20-லிருந்து 50 கேபிக்குள்ளும் கையெழுத்தை 10-லிருந்து 20 கேபிக்குள்ளும் சுருக்குகிற சாஃப்ட்வேர் எல்லாம் போட்டேன். பிரவுசர் பாஸ்வேர்டைச் சேமிக்காதபடி நிறுத்தி, மூடும்போது எல்லாம் அழிகிற மாதிரி வைத்தேன். பிறகு க்ளோன்ஸில்லாவில் இமேஜ் எடுத்து மற்ற நாலிலும் இறக்கினேன். பத்தரைக்குள் ஐந்தும் ஓடின.

நாலாவது மட்டும் எந்த சைட்டையும் திறக்கவில்லை. `NET::ERR_CERT_DATE_INVALID`. வலது ஓரத்தில் பார்த்தால் 2012 ஜனவரி. போர்டில் பேட்டரி போய்விட்டது. பையிலிருந்த CR2032 ஒன்றைப் போட்டுத் தேதியைத் திருத்தினேன்.

ஆறாவது, அண்ணாச்சியின் சொந்த சிஸ்டம். அதில் பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணியதும் உள்ளே 'கட்டக்… கட்டக்…' என்று சத்தம். நகத்தால் மேசையைத் தட்டுவது போல. உடனே கரண்டைப் பிடுங்கினேன்.

"இதுலயும் ஒண்ணும் இல்லையா அண்ணாச்சி?"

அவர் முகம் மாறியது. "டி டிரைவ்ல ஒரு நோட்பேட் இருக்குடே. எல்லார் ஐடியும் பாஸ்வேர்டும் அதுலதான் அடிச்சி வச்சிருக்கேன். ஒரு எரநூறு பேர் இருக்கும்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இன்னும் ரெண்டு தடவை ஆன் பண்ணினால் டிஸ்க் முழுசாகப் போய்விடலாம். அது தாங்குகிற நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் யுஎஸ்பி வழியாக மாட்டி, பென் டிரைவில் இருந்த சிஸ்டம்ரெஸ்க்யூவில் பூட் பண்ணினேன். நேராக ஃபைலைத் திறந்து காப்பி பண்ணினால், கெட்ட இடத்தில் ஹெட் முட்டி முட்டி நின்றுவிடும். ஆகவே டி பார்ட்டிஷனை மட்டும் அப்படியே இமேஜாக எடுக்க விட்டேன். நல்ல இடத்தை முதலில் அள்ளிக்கொள்ளும், கெட்டதைத் தாண்டிப் போகும்.

```
ddrescue -d -n /dev/sdb2 /mnt/usb/d.img /mnt/usb/d.map
```

டேபிள் ஃபேனை டிஸ்க்குப் பக்கம் திருப்பி வைத்தேன். ரெண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். 12 சதவீதம். 31. நாற்பத்தி மூணில் அப்படியே நின்றது. அண்ணாச்சி பிள்ளையார் படத்தைப் பார்த்தார். சத்தம் ஐந்தாறு தடவை கேட்டது, பிறகு அதுவாகவே நகர்ந்தது. ராத்திரி ரெண்டே முக்காலுக்கு 99.97-ல் முடிந்தது. ரீட் ஒன்லியாக மவுண்ட் பண்ணித் திறந்தேன். அந்த நோட்பேட் முழுசாக இருந்தது.

அண்ணாச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டார். "இத நம்ம புது சிஸ்டத்துல போட்டுருடே."

"போட மாட்டேன் அண்ணாச்சி."

"என்னடே சொல்லுத?"

"வைரஸ் வந்தது இந்தக் கடைக்குள்ளதான. எரநூறு பேர் பாஸ்வேர்டும் ஆதார் ஸ்கேனும் இப்படித் திறந்து கெடந்தா, நாளைக்கு ஒருத்தன் பென் டிரைவ்ல தூக்கிட்டுப் போயிருவான். அவங்கவங்களுக்குச் சீட்டுல அடிச்சிக் குடுப்போம்."

"அதுகளுக்கு என்னடே தெரியும்? தொலச்சிட்டு எங்கிட்டதான் வந்து நிக்கும். என்ன நம்பித்தான வருதாங்க."

"நம்பித்தான் வருதாங்க. அதான் சொல்லுதேன்." அந்தக் குடை அக்காவைப் பற்றிச் சொன்னேன். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் பிளாஸ்க்கில் இருந்த டீயை ஊற்றித் தந்தார். பிறகு பிரிண்டரில் பேப்பர் வைத்தார்.

ஆறாவதுக்கு நான் புது எஸ்எஸ்டி மாட்டிக்கொண்டிருக்க, அவர் கத்தரிக்கோலால் ஒவ்வொரு வரியாக வெட்டி, பேர் வாரியாக அடுக்கினார். ஐந்து மணிக்கு மல்லிகைப்பூ மூட்டை ஏற்றிய ஆட்டோக்கள் சந்து வழியே போயின. கடைக்குள் முழுக்க மணம். சீட்டுகள் பறக்காமல் இருக்க அவற்றின்மேல் அண்ணாச்சி ஸ்டேப்ளரை வைத்தார்.

எட்டரைக்கே வாசலில் ஏழெட்டுப் பேர். முதலில் வந்த பெண்ணின் தலைமுடியில் தறியின் பஞ்சு ஒட்டியிருந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, போன தடவை நீங்கதான போட்டுக் குடுத்தீங்க. பாஸ்வேர்டு உங்ககிட்டதான இருக்கு?"

"இனிமே உங்கிட்டதான் இருக்கும்" என்று சீட்டைத் தேடி நீட்டினார். அவள் அதை ரெண்டு தடவை வாசித்தாள். பிறகு வழக்கம்போல அண்ணாச்சியின் பக்கம் கீபோர்டைத் தள்ளினாள்.

அண்ணாச்சி கீபோர்டைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தினார். "நீயே அடிம்மா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்."

ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். நான் பையை மூடாமல் நின்றுகொண்டிருந்தேன். திரையில் அவள் பேர் வந்தது.