ஏழு மணி நேரம் ஓ.டி. பார்த்தும் 139 ரூபாய்தான் கூடியது, ஏன்? சம்பளச் சீட்டை வரிவரியாகப் படிப்போம்

அட்டை 1

சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு நிறையாத ஒரு பெண் தொழிலாளரின் சம்பளச் சீட்டை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 2025 சம்பளமாக அவருடைய வங்கிக் கணக்கில் 18,844 ரூபாய் வரவானது. செப்டம்பரில் அவர் ஏழு மணி நேரம் ஓ.டி. பார்த்து 1,400 ரூபாய் கூடுதலாக ஈட்டினார். ஆனால் கணக்கில் வந்தது 18,983 ரூபாய். பணி நியமனக் கடிதத்திலோ ஆண்டுக்கு 2.88 லட்சம், அதாவது மாதம் சுமார் 24,000 ரூபாய் என்று இருந்தது. மூன்று தொகைகளும் சரியானவைதாம். அவை எப்படிச் சரியாகின்றன என்பதைச் சீட்டு காட்டுகிறது.

அட்டை 2: செப்டம்பர் 2025 சீட்டு

ஊதிய நாள்கள்: 30 | சம்பளமில்லா விடுப்பு: 0

வருமானம்
அடிப்படைச் சம்பளம்: ₹12,000
அகவிலைப்படி: ₹3,000
வீட்டு வாடகைப்படி: ₹5,800
ஓ.டி. (7 மணி நேரம்): ₹1,400
மொத்தச் சம்பளம்: ₹22,200

பிடித்தம்
பி.எஃப்.: ₹1,800
இ.எஸ்.ஐ.: ₹167
தொழில் வரி: ₹1,250
வருமான வரி: ₹0
மொத்தப் பிடித்தம்: ₹3,217

கைக்கு வரும் சம்பளம்: ₹18,983

அட்டை 3: முதலில் சீட்டின் தலைப்பகுதி

பெரும்பாலோர் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மூடிவிடுகிறார்கள். ஆனால் பிற்காலத்தில் பெரிய அலைச்சலைத் தருபவை மேலே இருக்கும் விவரங்கள்தாம். உங்கள் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா, பி.எஃப்.புக்கான 12 இலக்க யு.ஏ.என். எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். வேலை மாறும்போது யு.ஏ.என். மாறாது என்பதால், புதிய நிறுவனத்தில் சேரும் நாளிலேயே பழைய எண்ணைக் கொடுத்துவிட வேண்டும்.

ஊதிய நாள்களையும் உங்கள் வருகைப் பதிவோடு ஒப்பிடுங்கள். இந்தப் பெண் செப்டம்பரில் இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால், 20,800 ரூபாயை 30 நாள்களால் வகுக்கும் நிறுவனத்தில் 1,387 ரூபாய் குறைந்திருக்கும். 26 நாள்களால் வகுக்கும் நிறுவனத்தில் 1,600 ரூபாய் குறைந்திருக்கும். உங்கள் நிறுவனம் எந்த எண்ணால் வகுக்கிறது என்பதை மனிதவளப் பிரிவில் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அட்டை 4: மொத்தச் சம்பளம்

பிடித்தம் எதுவும் கழியாத நிலையில், அந்த மாதத்தில் நீங்கள் ஈட்டிய அனைத்தின் கூட்டுத்தொகையே மொத்தச் சம்பளம், அதாவது கிராஸ். இதற்குள் எல்லா வரிகளும் ஒரே தன்மை கொண்டவை அல்ல. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்தான் பி.எஃப்., பணிக்கொடை ஆகியவற்றின் கணக்குக்கு அடித்தளம் என்பதால், கிராஸ் ஒன்றாகவே இருக்கும் இரண்டு வேலைகளில், அடிப்படைச் சம்பளம் கூடுதலாக உள்ள வேலை இன்று கைக்குச் சற்றுக் குறைவாகவும் நாளைய சேமிப்புக்குக் கூடுதலாகவும் தரும்.

ஓ.டி. வரியைத் தனியே சரிபாருங்கள். 2025 செப்டம்பரில் நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி மிகைநேர வேலைக்குச் சாதாரண ஊதியத்தைப்போல் இரு மடங்கு தர வேண்டியிருந்தது. இவருடைய நிறுவனம் 20,800 ரூபாயை 26 நாள்களாலும், பிறகு 8 மணி நேரத்தாலும் வகுக்கிறது. மணிக்கு 100 ரூபாய் வருகிறது. இரு மடங்கு 200, ஏழு மணி நேரத்துக்கு 1,400. கணக்குச் சரி. ஓ.டி. வரியில் ஒற்றை மடங்கு மட்டும் வந்திருந்தால், அது அவசியம் கேட்க வேண்டிய கேள்வி.

அட்டை 5: பி.எஃப். ₹1,800

அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த 15,000 ரூபாயில் 12 சதவீதம் இது. ஓ.டி.க்கும் வீட்டு வாடகைப்படிக்கும் பி.எஃப். பிடிப்பதில்லை, அதனால்தான் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டிலும் இந்தத் தொகை மாறவில்லை.

இதை இழப்பு என்று எண்ண வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். உங்கள் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும் உங்கள் பணம் இது. அதற்கு ஈடாக நிறுவனமும் 1,800 ரூபாய் செலுத்துகிறது, அதில், 15,000 ரூபாயின் 8.33 சதவீதமான 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கும், மீதி 550 ரூபாய் உங்கள் பி.எஃப். கணக்குக்கும் செல்கின்றன. ஆக, ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில் 2,350 ரூபாய் சேர்கிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு அதற்கு அளிக்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம்.

வேலையை விட்டதும் இந்தப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடும் பழக்கம் இளைஞர்களிடம் பரவலாக இருக்கிறது. அவசரம் இல்லையென்றால் புதிய நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுத் தகுதிக் காலம் வேண்டும். ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து முழுவதுமாக எடுத்தால் சேர்ந்த ஆண்டுகளும் கைவிட்டுப் போகும்.

அட்டை 6: இ.எஸ்.ஐ. ₹167

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்கள் இத்திட்டத்தில் வருகிறார்கள். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். செப்டம்பரில் இவருடைய மொத்தச் சம்பளம் 22,200 ரூபாயாக உயர்ந்ததே, இன்னும் ஏன் பிடிக்கிறார்கள் என்ற கேள்வி எழும். 2025 செப்டம்பரில் இருந்த விதிப்படி, வரம்பைப் பார்க்கும்போது ஓ.டி. தொகையைச் சேர்க்கவில்லை, பங்களிப்பைக் கணக்கிடும்போது மட்டும் சேர்த்தார்கள். 22,200இல் 0.75 சதவீதம் 166.50, அதை அடுத்த முழு ரூபாய்க்கு உயர்த்தி 167 ஆக்குகிறார்கள். ஆகஸ்டில் இது 156 ரூபாயாக இருந்தது.

ஊதிய உயர்வால் ஒருவர் வரம்பைத் தாண்டினாலும் பிடித்தம் உடனே நிற்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. நடுவில் தாண்டியவருக்கு அந்தக் காலம் முடியும்வரை பிடித்தமும் உண்டு, பாதுகாப்பும் உண்டு.

நம்மில் பலர் இந்தப் பணத்தைக் கட்டிக்கொண்டே, காய்ச்சலுக்குத் தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். உங்களுக்கும் உங்களைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் மருத்துவம் இதில் அடங்கும், சென்னையில் கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. தகுதிக்கான நாள்களுக்குப் பங்களிப்பு இருந்தால், நோய்க்கால விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதமும், பேறுகால விடுப்பில் 26 வாரங்களுக்கு முழு ஊதிய அளவிலும் உதவித்தொகை கிடைக்கும்.

அட்டை 7: தொழில் வரி ₹1,250

139 ரூபாய்ப் புதிருக்கு விடை இந்த வரியில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் தொழில் வரியை வசூலிப்பவை உள்ளாட்சி அமைப்புகள்; அரையாண்டுக்கு ஒருமுறை, அந்த ஆறு மாத வருமானத்தின் அடிப்படையில் விதிக்கின்றன. சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் வரி 1,250 ரூபாய். ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி விதிக்க முடியாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 276ஆம் பிரிவே வரம்பு கட்டியிருக்கிறது.

இவருடைய நிறுவனம் அரையாண்டு வரியைச் செப்டம்பரில் மொத்தமாகப் பிடித்துவிட்டது. ஓ.டி.யால் வந்த 1,400இல் 1,250 தொழில் வரிக்கும், 11 ரூபாய் இ.எஸ்.ஐ. உயர்வுக்கும் போக மிஞ்சியது 139. உழைப்புக்கான கூலியை யாரும் குறைக்கவில்லை. இரண்டும் ஒரே மாதத்தில் வந்துவிட்டன. அடுத்த பிடித்தம் மார்ச்சில் முடியும் அரையாண்டுக்குள் வரும். அந்த மாதத்துக்கு முன்கூட்டியே 1,250 ரூபாயை ஒதுக்கி வைத்தால் வாடகை நேரத்தில் திணற வேண்டியதில்லை.

அட்டை 8: வருமான வரி ₹0

2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையின்கீழ், 75,000 ரூபாய் நிலையான கழிவையும் சேர்த்து, ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை சம்பள வருமானம் மட்டுமே உள்ளவர்களுக்கு வரி இல்லை. ஆகவே இவருக்குப் பூஜ்யம் என்பது சரி.

அட்டை 9: வேறு பிடித்தங்கள்

கேன்டீன், பேருந்து, சம்பள முன்பணம் போன்றவை சில சீட்டுகளில் இருக்கும். "இதர பிடித்தம்" என்று மட்டும் போட்டு ஒரு தொகை இருந்தால், அது எதற்கானது என்று எழுத்தில் கேளுங்கள். மாத ஊதியம் 24,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு 2025 நவம்பர் வரை பொருந்திய 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், எவற்றுக்காகப் பிடிக்கலாம் என்பதை வரையறுத்திருந்தது. பொதுவாக மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்றும் சொன்னது.

அட்டை 10: அப்படியானால் அந்த 24,000?

நியமனக் கடிதத்தில் இருப்பது சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. இவருடைய மாதக் கணக்கு இது:

நிலையான மொத்தச் சம்பளம்: ₹20,800
நிறுவனத்தின் பி.எஃப். பங்கு: ₹1,800
நிறுவனத்தின் இ.எஸ்.ஐ. பங்கு: ₹676
பணிக்கொடை ஒதுக்கீடு: ₹721
மொத்தம்: ₹23,997

கடைசி மூன்றும் மாதந்தோறும் கைக்கு வருபவை அல்ல. பணிக்கொடையைப் பெறுவதற்குப் பொதுவாக ஐந்தாண்டு தொடர்பணி தேவை. அதற்குமுன் விலகினால் அந்த 721 ரூபாய் காகிதத்தோடு நின்றுவிடும். புதிய வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன், "சி.டி.சி. எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாமல், "மாத கிராஸ் எவ்வளவு, அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு?" என்ற மூன்றையும் கேளுங்கள். வாடகை, சீட்டுப் பணம், ஊருக்கு அனுப்பும் தொகை எல்லாவற்றையும் கைக்கு வரும் தொகையை வைத்தே திட்டமிட முடியும்.

அட்டை 11: பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா?

சீட்டில் பிடித்தம் காட்டப்பட்டதாலேயே பணம் கட்டப்பட்டது என்று ஆகிவிடாது. செப்டம்பர் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகைகளை நிறுவனம் அக்டோபர் 15க்குள் செலுத்த வேண்டும். யு.ஏ.என். செயல்பாட்டில் இருந்து, கே.ஒய்.சி. விவரமும் இணைந்திருந்தால், பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகச் செலுத்தப்பட்ட தொகையும் இருப்பும் குறுஞ்செய்தியாக வரும். உமாங் செயலியில் பாஸ்புக்கையே பார்க்கலாம். அங்கே தொழிலாளர் பங்கு 1,800, நிறுவனப் பங்கு 550, ஓய்வூதியம் 1,250 என்று செப்டம்பருக்கு எதிரே பதிவாகியிருக்க வேண்டும். மாதக் கடைசி வரையிலும் பதிவாகவில்லை என்றால், சீட்டின் பிரதியை இணைத்து மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பி.எஃப். அமைப்பின் குறைதீர்ப்பு இணையதளத்தில் யு.ஏ.என். எண்ணைக் கொண்டே புகாரைப் பதிவு செய்யலாம். இதற்குச் சான்றாவது சீட்டு என்பதால், ஒவ்வொரு மாதச் சீட்டையும் அலுவலக மின்னஞ்சலில் மட்டும் விட்டுவைக்காமல், உங்கள் சொந்தக் கணக்கிலும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.