கடைசிப் பத்து நிமிடத்துக்கான கேள்விகள்

செவ்வாய்க்கிழமை காலை 10 மணி, உவர்மலை அலுவலகத்தில் உன் நேர்முகப் பரீட்சை. நிலாவெளி, உப்புவெளிப் படகுச் சவாரிகளுக்கு இருக்கை பதியும் செயலியின் டீம். பதவி: அசோசியேட் சொப்ட்வெயார் என்ஜினியர். எதிரே டெக் லீட் மிஸ் இருப்பார், கொழும்பிலிருந்து வீடியோவில் மேனேஜர் சேர் வருவார். "உங்களுக்கு எங்களிட்ட ஏதாவது கேக்க இருக்கா?" என்றதும் இந்தத் தாளை மேசையில் வைத்தே பேசலாம். பார்த்து வாசிப்பது குறையில்லை, ஆயத்தமாக வந்தாய் என்றுதான் எடுப்பார்கள்.

பத்து நிமிடத்தில் நாலு கேள்விதான் கொள்ளும். அதனால் தங்கச்சி, மேலிருந்து கீழே போ. எங்கே நேரம் முடிகிறதோ அங்கே கடைசிக் கேள்விக்குத் தாவு.

1. மிஸ்ஸிடம், வீட்டுக்குத் தந்த பயிற்சியைப் பற்றி

"மிஸ், நீங்கள் தந்த பயிற்சியில ரெண்டு பேர் ஒரே நேரத்தில கடைசி ரெண்டு இருக்கையையும் கேட்டால் என்ன செய்றது எண்டு இருந்தது. நான் முதல்ல வாசிச்சு, பிறகு கழிக்காமல், ஒரே கட்டளையில இப்படி எழுதினேன்:"

```sql
UPDATE trips
SET seats_left = seats_left - 2
WHERE id = 418 AND seats_left >= 2;
```

"ஒரு வரியும் மாறாட்டி இருக்கை முடிஞ்சுது எண்டு அர்த்தம். ஆனா ஆள் கார்ட் விவரம் அடிச்சு முடிக்க சில நிமிடம் போகும். அந்த நேரத்தில இருக்கையை நீங்கள் எப்படிப் பிடிச்சு வைக்கிறீங்கள்? ஆள் பாதியில விட்டிட்டுப் போனால் அதைத் திருப்பி விடுறது யார்?"

தொடர்ந்து கேட்க: "பேமன்ட் கேட்வே ஒரே வெப்ஹூக்கை ரெண்டு தரம் அனுப்பினால் ரெண்டு பதிவு விழாமல் எதை வைச்சுத் தடுக்கிறீங்கள்?"

இந்தத் தாளில் ஆகப் பெறுமதியான கேள்வி இதுதான். வேறெந்த நிறுவனத்திலும் இதே சொற்களில் கேட்க முடியாது. "நேரம் முடிஞ்ச பிடிப்புகளை ஒரு ஜொப் ஓடித் துடைக்கும்" என்று சொன்னால், அந்த ஜொப் நின்றுபோனால் எப்படித் தெரியவரும் என்று கேள். இருக்கை இருந்தும் "நிறைஞ்சுது" என்று காட்டும் பிழை அங்கேதான் பிறக்கும். படகோட்டி வெறும் இருக்கையோடு போவார், ஆனால் எந்தத் திரையிலும் சிவப்பு எழுத்து வராது.

2. மிஸ்ஸிடம், ஒரு மாற்றம் போகிற வழி

"போன கிழமை லைவுக்குப் போன சின்ன மாற்றம் ஒண்டை எடுத்துச் சொல்லுவீங்களா மிஸ்? புல் ரிக்வெஸ்ட் திறந்ததில இருந்து பயணி கைக்குப் போகும்வரைக்கும் எத்தனை மணித்தியாலம் எடுத்தது, அதில எங்க கூடநேரம் காத்துக் கிடந்தது?"

"உங்கட டெவலப்மென்ட் ப்ரொசஸ் என்ன?" என்று கேட்டால் இணையத்தளத்தில் போட்ட விடைதான் வரும். ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைக் கேட்டால் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். காத்திருப்பு ரிவியூவில் என்றால்: "மிஸ் எழுதுற கோடை யார் ரிவியூ பண்ணுவார்? புதுசா வந்த ஆளும் பண்ணலாமா?" டெஸ்டில் என்றால்: "காரணமில்லாமல் சில நேரம் விழுகிற டெஸ்டை என்ன செய்றீங்கள்? திரும்ப ஓடவிடுறீங்களா, ஒதுக்கி வைச்சுத் திருத்துறீங்களா?" இரண்டில் ஒன்று போதும்.

3. மிஸ்ஸிடம், விடியற்காலைப் படகு

"திமிங்கிலம் பார்க்கப் போற படகு காலமை 5 மணிக்கு வெளிக்கிட்டால், யூடிசி கணக்கில அது முதல் நாள் 23:30. 'இன்றைய பயணங்கள்' எண்ட பட்டியல்ல அந்தப் படகு விடுபடாமல் இருக்க, இலங்கை நேரத்துக்கு மாத்துறது டேட்டாபேஸிலயா, சேர்வரிலயா, போனிலயா?"

5.30 படகில் இந்தப் பிழை தெரியாது, அது யூடிசியில் சரியாக 00:00. அதற்கு முந்தினால்தான் திகதி மாறும். டெஸ்டுக்கு எல்லோரும் காலை 9 மணியைப் போடுவதால் பிழை அப்படியே தப்பிப் போகும். மிஸ் சிரித்தால், இந்தப் பிழையில் ஏற்கனவே மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள். கதையைக் கேள், இடையில் புகாதே.

4. சேரிடம், உடைஞ்சால் என்ன

"சேர், மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் இங்க சீசன். அந்த மாதங்கள்ல வெள்ளிக்கிழமை பின்னேரம் டிப்ளாய் பண்றீங்களா? போயா விடுமுறை நாள் விடிய 4 மணிக்கு உடைஞ்சால் முதல் கோல் யாருக்கு வரும்? புதுசா சேருற ஆள் அந்த முறைக்குள்ள எப்ப வருவார்?"

பிறகு, குரலைத் தாழ்த்தாமல்: "கடைசியா நடந்த பெரிய உடைவுக்குப் பிறகு எழுதின அறிக்கையால என்ன மாறினது?" "கவனமா இருக்கச் சொன்னம்" என்பது விடையானால் ஒன்றும் மாறவில்லை. ஒரு அலார்ட், ஒரு டெஸ்ட், பழைய பதிப்புக்குத் திரும்பும் ஒரு பட்டன், இப்படி ஒரு பொருளின் பெயர் வந்தால் நல்லது.

5. இருவரிடமும், தமிழ் எஸ்எம்எஸ் (நேரமிருந்தால் மட்டும்)

"உறுதிப்படுத்தல் எஸ்எம்எஸ் தமிழில போகுதா? இங்கிலிஷில ஒரு எஸ்எம்எஸுக்கு 160 எழுத்து, தமிழில 70தான். 'திருகோணமலை' நமக்கு 6 எழுத்து, போனுக்கு 10. நீளம் கூடி ரெண்டு எஸ்எம்எஸ் செலவாகாமல் யார் பார்க்கிறார்? தமிழ், சிங்கள வசனங்களை வாசிச்சுச் சரிபார்க்கிறது டீமுக்குள்ள ஆரு?"

கடைசிப் பகுதிக்கு "ஒருத்தரும் இல்லை" என்ற விடை வந்தால், "அதை நான் பார்க்கலாம்" என்று ஒரே வரியில் சொல். அதற்கு மேல் விற்கப் போகாதே.

6. சேரிடம், டீமைப் பற்றி

"இங்க மூண்டு பேர், கொழும்பில நாலு பேர் எண்டு சொன்னீங்கள். டிசைன் முடிவு எடுக்கிற கூட்டத்தில இங்க இருக்கிற ஆக்களும் இருப்பினமா, முடிவைப் பிறகு கேள்விப்படுவினமா? அண்மையில உவர்மலைப் பக்கம் இருந்து வந்து ஏற்றுக்கொண்ட யோசனை ஒண்டு சொல்லுவீங்களா?"

"முதல் மாதம் நான் யாரோட இருந்து வேலை செய்வேன்? அந்த மாத முடிவில என்ன செய்திருந்தால் 'சரியான ஆளை எடுத்தம்' எண்டு நினைப்பீங்கள்?"

சம்பளம், லீவு, வீட்டிலிருந்து வேலை எல்லாம் எச்ஆர் பேசும் நாளுக்கு. கேட்கக்கூடாதவை அல்ல, இந்த இருவரிடமும் அதற்கான விடை இருக்காது, அவ்வளவுதான்.

கடைசிக் கேள்வி, மிஸ்ஸிடம்

"இந்தச் செயலியைத் திரும்ப முதல்ல இருந்து எழுதக் கிடைச்சால், எந்தப் பகுதியை வேறமாதிரி எழுதுவீங்கள் மிஸ்?"

விடையைக் குறித்துக்கொள். சேர்ந்தால் உனக்கு வரும் முதல் டிக்கெட் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கும்.