சுமதிக்கு

தஞ்சாவூர்
16.11.2024

அன்புள்ள சுமதி,

நேற்று நீ அனுப்பிய படம் வந்தது. கீழே ஒரு வார்த்தைகூட நீ எழுதவில்லை. பத்திரிகைத் துண்டைச் சுற்றிக் கறுப்புக் கோட்டைப் பார்த்ததுமே, மூலையில் கரி தடவிய கார்டு வீட்டுக்கு வந்தது போலத் திக்கென்றது. உன் மாமியார் ஹெல்காவின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண் நர்ஸ் வேலைக்காக ஜெர்மன் படிக்கிறாள். அவளைக் கூப்பிட்டு வரிவரியாகச் சொல்லச் சொன்னேன். பிறந்த தேதிக்கு முன்னால் நட்சத்திரம், இறந்த தேதிக்கு முன்னால் சிலுவை. 1941, 2024. பெயரை ஒட்டிச் சின்ன எழுத்தில் அவருடைய பிறந்த வீட்டுப் பெயர். நம் பக்கம் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பெரிய போட்டோ இருக்கும். இதில் ஒரு மரம் மட்டும் வரைந்திருந்தது. கீழே 'அன்போடும் நன்றியோடும்' என்று போட்டு வீட்டார் பெயர்கள். மத்தியாஸ், பக்கத்திலேயே நீ, அப்புறம் நிலா. மருமகள் என்றெல்லாம் இல்லை, வெறும் சுமதி. அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது.

உன் கல்யாணத்துக்கு அவர் வந்திருந்தபோது முற்றத்தில் உன் அம்மாவோடு உட்கார்ந்து மல்லிகை கட்டினார், ஞாபகம் இருக்கிறதா? இவருக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு ஜெர்மன் தெரியாது. இவர் கட்டியது எல்லாம் அவிழ்ந்துகொண்டே வர, உன் அம்மா சலிக்காமல் திரும்பத் திரும்ப முடிச்சுப் போட்டுக் காட்டினார். கிளம்பும் அன்று என்னிடம் "போயிட்டு வரேன்" என்பதைக் கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். 'போகிறேன்' என்று மட்டும் சொல்லக் கூடாது என்றேன். தங்கள் ஊரிலும் விடைபெறும்போது மறுபடி பார்ப்போம் என்றுதான் சொல்வோம் என்று அவ்வளவு சந்தோஷப்பட்டார்.

பூவுக்குப் பதிலாக ஹாஸ்பிஸுக்கு நன்கொடை தரலாம், அடக்கம் நெருங்கிய குடும்பத்தாரோடு மட்டும் என்றும் இருந்தது. நம் ஊரில் சாவுக்கு அழைப்பு கிடையாது, கேள்விப்பட்டதும் கிளம்பிவிடுவோம். அதனால் அந்த வரி முதலில் என்னவோ போல இருந்தது. ஆனால் கூட்டம் கூடாமல் போக வேண்டும் என்று அவரே சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஹாஸ்பிஸின் கணக்கு எண்ணை அனுப்பு. என்னால் முடிந்ததை அனுப்புகிறேன்.

கடைசி எட்டு மாதம் வேலையையும் பார்த்துக்கொண்டு அவரையும் நீ பார்த்தாய். உடம்பு சரியில்லாதவரைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் என்ன என்று என் அம்மாவை வைத்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியும். திடீரென்று கைக்கு வேலை இல்லாமல் போகும். அந்த நேரம்தான் ரொம்பக் கஷ்டம். நேரத்துக்குச் சாப்பிடு. மத்தியாஸ் பேசாமல் இருந்தால் விட்டுவிடு, பக்கத்தில் இரு. நிலா பாட்டியைக் கேட்டால் மறைக்காமல் சொல்லு.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். இப்போது உங்கள் நேரம் எங்களுக்கு நாலரை மணி பின்னால். நீ தூக்கம் வராமல் புரளும் நடுராத்திரி எனக்கு விடிகாலை. வாசல் தெளிக்க எழுந்திருப்பேன், போன் கையிலேயே இருக்கும். கூப்பிடு.

உன்
கலா