பொருள்: நேற்றைய விற்பனை டேஷ்போர்டில் பழைய எண்கள் - காரணமும் சரிசெய்ததும்

வணக்கம் மேடம்,

நேற்று செவ்வாய்க்கிழமை காலை டேஷ்போர்டில் நீங்கள் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை விற்பனை. திங்கட்கிழமைக் கணக்கு உள்ளே வரவே இல்லை. இப்போது இரண்டு நாள் விற்பனையும் ஏறிவிட்டது. ஏழு கிளைகளின் நாள்முடிவு ரசீதோடு இன்று காலை ஒப்பிட்டோம், சென் கணக்கு வரை ஒத்துப்போகிறது.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று காட்டிய மொத்தம் 48,310 ரிங்கிட்; திங்களின் உண்மையான மொத்தம் 31,075. பட்டர்வொர்த்துக்குக் கூடுதல் சரக்கு அனுப்ப அந்த எண்ணை வைத்து முடிவெடுத்திருந்தால், லாரி கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நேற்று காலை தானாக வந்த பிடிஎஃப் அறிக்கையையும் தள்ளிவிடலாம். திருத்தியதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். கடை மூடியதும் ஒவ்வொரு கிளையின் பில்லிங் கணினியும் அன்றைய விற்பனையை ஒரு கோப்பாக அனுப்பும். திங்கள் மதியம் புக்கிட் மெர்தாஜாம் கிளையில் மட்டும் பில்லிங் மென்பொருளின் புதுப் பதிப்பு போடப்பட்டது. அதில் இ-இன்வாய்ஸ் எண்ணுக்கென்று, விற்பனைத் தொகைக்கு முன்னால் ஒரு புதுப் பத்தி நுழைந்திருக்கிறது. சப்ளையர் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நம் சிஸ்டம் பத்திகளை வரிசைப்படி படிப்பது. தொகை இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து வந்ததும் நின்றுவிட்டது. தப்புத் தொகையை ஏற்றாமல் நின்றதே நல்லது. ஆனால் அந்த ஒரு கோப்பால் மற்ற ஆறு கிளைகளும் சேர்ந்து நின்றன.

என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய கோளாறு திரையில்தான் இருந்தது. டேஷ்போர்டு வழக்கம்போல் காலையில் புதுப்பித்துக்கொண்டு, இருந்த பழைய எண்களையே எடுத்துக் காட்டியது. மேலே "Last refreshed: 7:05 AM" என்றும் போட்டுவிட்டது. அதைப் பார்த்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

அதனால் அந்த வரியை எடுத்துவிட்டோம். இனி அங்கே "Sales data up to" என்று, கடைசியாக ஏறிய விற்பனையின் தேதி வரும். முந்தைய நாள் கணக்கு இல்லையென்றால் அது சிவப்பாகும், எந்தக் கிளை வரவில்லை என்பதும் பக்கத்திலேயே தெரியும். கோப்பின் பத்திகளைத் தலைப்பைப் பார்த்தே படிக்கும்படி மாற்றியாயிற்று. ஒரு கிளை நின்றாலும் மற்றவை ஏறிவிடும். காலை 6 மணிக்குள் ஏதாவது விடுபட்டிருந்தால் எங்கள் குழுவின் வாட்ஸ்அப்புக்குச் செய்தி வரும். 7 மணிக்கு நீங்கள் திறக்கும் முன் பார்த்துவிட முடியும்.

இன்னும் ஒன்று பாக்கி. மற்ற ஆறு கிளைகளுக்கும் அதே புதுப் பதிப்பு வரப்போகிறது. மாற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே மாதிரிக் கோப்பு அனுப்பச் சொல்லி சப்ளையரிடம் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. நீங்கள் ஒரு வரி எழுதினால் வேலை நடக்கும். வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா மேடம்?

நன்றி,
கதிரவன்
தரவுப் பிரிவு, பினாங்கு அலுவலகம்